‘ரத்தம் பூரா வயித்துக்குப் போயிடுச்சு’: அந்த கேப்ஷன் ஏன் தப்பு

தீபாவளி அன்னைக்கு மத்தியானம் ரெண்டரை மூணு மணி ஆச்சுன்னா கேஎல்ல இருந்து பட்டர்வொர்த் வரைக்கும் எல்லா ஃபேமிலி குரூப்லயும் ஒரே மாதிரி படம்தான் வந்து விழும். முன்னாடி ஒரு காலி தட்டு, அதுல ஒரு ஆட்டு எலும்பு, ஓரமா ஒதுக்கி வெச்ச கறிவேப்பிலை, பின்னாடி சோஃபாவுல வாயைத் திறந்துக்கிட்டு ஒரு பெரியப்பா, கீழ பாய்ல ரெண்டு சின்னப் பசங்க, சுவத்துல சாஞ்சு கண்ணு சொருகிப் போன ஒரு மாமா. இந்தப் படத்துக்கு கேப்ஷன் போடுறவங்க பாதிப் பேரு ‘ஃபுட் கோமா’ன்னு போடுவாங்க, மீதிப் பேரு கொஞ்சம் சயின்ஸ் தெரிஞ்ச மாதிரி ‘ரத்தம் பூரா வயித்துக்குப் போயிடுச்சு, மூளைக்கு ஒண்ணும் மிச்சமில்ல’ன்னு போடுவாங்க, அதுக்கு கீழ இருபது பேரு சிரிப்பாங்க.

கோமான்னு சொல்றது சும்மா விளையாட்டு, அதை விட்டுடலாம். ஆனா அந்த ரத்தக் கதையை நிறைய பேரு நிஜம்னே நம்புறாங்க, டியூஷன்ல சொல்லிக் குடுத்தவங்க இருக்காங்க, பிள்ளைங்களுக்கு அப்பா அம்மா சொல்லிக் குடுக்குறாங்க. அது தப்பு. ‘உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு’ன்னு நம்ம ஆளுங்க எப்பவோ சொல்லிட்டாங்க, மயக்கம் வர்றது உண்மை, ஆனா ஏன் வருதுங்குறதுதான் இங்க பேச்சு.

ரத்தக் கதைல எது சரி, எங்க தப்பு

சாப்பிட்ட உடனே குடலுக்கு ரத்தம் கூட போகுதுங்குறது சரிதான். நல்லா வயிறு நிறைய சாப்பிட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள குடலுக்குப் போற பெரிய ரத்தக் குழாய்ல ஓட்டம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆயிடும். செரிச்சதை எடுத்துக்கிட்டுப் போக ரத்தம் வேணும்ல.

தப்பு எங்கன்னா, அந்தக் கூடுதல் ரத்தம் மூளைல இருந்து எடுத்தது இல்ல. சும்மா உக்காந்திருக்கும்போது இதயம் நிமிஷத்துக்கு சுமாரா 5 லிட்டர் ரத்தத்தை பம்ப் பண்ணுது, அதுல 750 மில்லிலிட்டர் மாதிரி மூளைக்குப் போகுது. சாப்பிட்ட பிறகு இதயம் கொஞ்சம் வேகமா, கொஞ்சம் பலமா அடிக்குது, அதனால மொத்த ஓட்டமே கூடுது, அதோட கை கால் தசைக்குப் போற குழாய்ங்க கொஞ்சம் இறுகிக்குது. குடலுக்குக் குடுக்குற கணக்கு இங்க இருந்துதான் வருது. மூளைக்குன்னு தனியா ஒரு ஏற்பாடு இருக்கு, ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் மூளைல இருக்குற குழாய்ங்க தானா சுருங்கி விரிஞ்சு ஓட்டத்தை அதே அளவுல புடிச்சு வெச்சுக்கும். உடம்புல எந்தப் பாகத்தைப் பட்டினி போட்டாலும் மூளையை மட்டும் போட முடியாது, ரத்தம் முழுசா நின்னுபோனா பத்து செகண்டு மாதிரில ஆளு நினைவு இல்லாம விழுந்துடுவாரு.

இன்னும் சந்தேகமா இருந்தா ஃபுட்சால் கோர்ட்டுக்குப் போய்ப் பாருங்க. வேகமா ஓடும்போது தசைங்களுக்குப் போற ரத்தம் பல மடங்கு கூடுது, சாப்பிட்டா குடல் எடுக்குறதை விட ரொம்ப ரொம்ப அதிகம். ரத்தம் வேற பக்கம் போனா தூக்கம் வரும்னா ஓடிக்கிட்டு இருக்குற பத்து பேரும் கோல் போஸ்ட்டுல சாஞ்சு தூங்கணும், யாரு தூங்குறா?

அப்போ இதுவரைக்கும் தெரிஞ்சது, குடலுக்கு ரத்தம் கூடுது, மூளைக்குக் குறையல, தூக்கத்துக்குக் காரணத்தை வேற எங்கயோ தேடணும்.

முழிப்பும் தூக்கமும் இழுக்குற கயிறு

தூக்கம்னா ஏதோ ஒரு பட்டனைத் தட்டினா வர்ற மாதிரி நாம நெனைக்கிறோம், சாப்பாடு அந்த பட்டனைத் தட்டுதுன்னு. அப்படி இல்ல. பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டேல கயிறு இழுக்குற போட்டி வெப்பாங்கல்ல, அதை நெனைச்சுக்குங்க. ஒரு பக்கம் முழிப்பு டீம், இன்னொரு பக்கம் தூக்க டீம், ரெண்டும் நாள் பூரா இழுத்துக்கிட்டே இருக்கு, எது பக்கம் கயிறு நகருதோ அதுதான் நம்ம நிலைமை. சாப்பாட்டுக்கும் இதுல வேலை இருக்கு, ஆனா அது தனி ஆளா நின்னு ஜெயிக்கிறது கிடையாது.

தூக்க டீம்ல இருக்குற பெரிய பலசாலி அடினோசின். மூளை வேலை செய்யச் செய்ய சேர்ந்துக்கிட்டே போற ஒரு ரசாயனம், அவ்வளவுதான். காலைல எழுந்ததுல இருந்து சேர ஆரம்பிக்கும், எவ்வளவு நேரம் முழிச்சிருக்கோமோ அவ்வளவு கூடும், தூங்கினா குறையும். நேத்து ராத்திரி சரியா தூங்கலன்னா அந்த பலசாலி காலைலயே தெம்பா நிப்பாரு. நாம குடிக்கிற கோப்பி ஓவும் தே தாரிக்கும் வேலை செய்யுறது இங்கதான், அதுல இருக்குற கஃபீன் அடினோசின் போய் உக்கார்ற சீட்ல தான் போய் உக்காந்துக்குது. அடினோசின் குறையல, மூளைக்குத் தெரியாம போகுது.

முழிப்பு டீம்ல இருக்குற முக்கியமான ஆளு உடல் கடிகாரம். மூளைக்குள்ள இருக்குற ஒரு சின்னக் கூட்டம், வெளிச்சத்தைப் பார்த்து நேரத்தை செட் பண்ணிக்கிட்டு பகல்ல நம்மள முழிக்க வைக்குது. காலைல இழுக்கும், சாயங்காலம் இன்னும் நல்லா இழுக்கும், ஆனா மத்தியானத்துல கொஞ்ச நேரம் கையைத் தளர விடும். இதுதான் நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், மத்தியானத் தூக்கம் சாப்பிடலன்னாலும் வரும். ஜன்னல் இல்லாத ரூம்ல, மணி தெரியாம, மத்தியான சாப்பாடே குடுக்காம ஆளுங்களை வெச்சுப் பார்த்தாங்க, அப்பவும் மத்தியான நேரத்துல கவனம் இறங்கிடுது. புத்தகத்துல இதை ஒரு மணில இருந்து மூணு மணிக்குள்ளன்னு போடுவாங்க. நம்ம ஊர்ல அதை அப்படியே எடுத்துக்காதீங்க, ஏன்னா 1982ல கடிகாரத்தை அரை மணி முன்னாடி தள்ளிட்டாங்க, தீபாவளி சமயத்துல கேஎல்ல சூரியன் உச்சிக்கு வர்றதே ஏறக்குறைய ஒரு மணிக்குத்தான், உடம்பு பார்க்குறது சூரிய வெளிச்சத்தை, சுவத்துல மாட்டுன கடிகாரத்தை இல்ல. அதனால நமக்கு இந்த இறக்கம் ரெண்டு, மூணு, சில பேருக்கு நாலு மணி பக்கமும் வரலாம்.

இப்ப பாருங்க, நாம இன்னும் சோத்துல கையே வைக்கல, அதுக்குள்ள தூக்க டீம் பாதி ஜெயிச்சாச்சு. எவ்வளவு நேரமா முழிச்சிருக்கோம், மணி என்ன, இந்த ரெண்டையும் கேக்காம ‘சாப்பாட்டாலதான் தூக்கம்’னு சொல்றது அரைக் கதை.

சோறு என்னதான் பண்ணுது

முழிப்பு டீம்ல இன்னொருத்தர் இருக்காரு, பேரு ஒரெக்சின். மூளையோட அடிப்பக்கத்துல ஒரு சின்ன இடத்துல இருக்குற நரம்பு செல்லுங்க விடுற ரசாயனம் அது, 1998ல கண்டுபிடிச்சாங்க. ‘முழிச்சுக்கோ, எழுந்து போய்த் தேடு’ன்னு மூளை பூரா சொல்லிக்கிட்டு இருக்குறதுதான் அதோட வேலை. அந்த செல்லுங்க அழிஞ்சு போனவங்களுக்கு நார்கோலெப்சின்னு ஒரு வியாதி வருது, பேசிக்கிட்டு இருக்கும்போதே தூங்கிடுவாங்க, அந்த அளவுக்கு முழிப்புக்கு முக்கியமான ஆளு.

இந்த ஒரெக்சின் செல்லுங்களுக்கு ஒரு குணம் இருக்கு, ரத்தத்துல சக்கரை ஏறினா அமைதியாயிடும். எலி மூளைல பார்த்தது இது, 2006ல வெளிவந்துச்சு, சாப்பாட்டுக்கு முன்னாடி பின்னாடி ஏறி இறங்குற அளவு சக்கரையே அந்த செல்லுங்களை அடக்கப் போதும்னு சொன்னாங்க. யோசிச்சா நியாயமாத்தான் இருக்கு, பசிச்ச மிருகம் தூங்கிட்டா செத்துப் போகும், அது முழிச்சுக்கிட்டு தேடணும், வயிறு நிறைஞ்சதுக்கு அப்புறம் எதுக்கு அலையணும்? இன்னொரு சோதனைல ஒரெக்சின் செல் இல்லாம பண்ணுன எலிங்களைப் பட்டினி போட்டாங்க, சாதாரண எலி பசில துறுதுறுன்னு அலையும், இதுங்க பசிச்சும் அப்படியே கிடந்துச்சு. அதாவது பசியோட முழிப்பு இந்த ஆளு வழியாத்தான் வருது, அந்தப் பசியை நாம ரெண்டு தட்டு பிரியாணியால அணைச்சிடுறோம்.

நல்லா கவனிங்க, சாப்பாடு தூக்க டீம்ல ஒரு புது பலசாலியைச் சேர்க்கல. முழிப்பு டீம்ல ஒருத்தரைக் கயிறை லூசா புடிக்கச் சொல்லுது, அவ்வளவுதான். தூக்க டீம் ஏற்கனவே பலமா இருந்தா அந்த ஒரு தளர்வே போதும், கயிறு சர்ருன்னு போயிடும். நல்லா தூங்கி எழுந்தவரு காலைல எட்டு மணிக்கு அதே அளவு நாசி லெமாக் சாப்பிட்டா ஏன் அந்த மாதிரி விழுறதில்லங்குறதுக்கும் இதுதான் பதில்.

புரதத்தோட கதை வேற. முட்டை, மீன், பருப்பு, கறி இதுல இருந்து வர்ற அமினோ அமிலங்கள், அதாவது புரதம் உடைஞ்சு வர்ற சின்னத் துண்டுங்க, ஒரெக்சின் செல்லுங்களைத் தட்டி எழுப்புது, சக்கரை அடக்குறதையும் கொஞ்சம் தடுக்குது. இதுவும் எலிலதான் பார்த்தது, மனுசன்ல இப்படியே நடக்குதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வெறும் சோறும் குழம்பும் அடிச்சா வர்ற தூக்கத்துக்கும், கறியும் கீரையும் நிறைய வெச்சு சோத்தைக் குறைச்சா வர்ற தூக்கத்துக்கும் வித்தியாசம் இருக்கேன்னு சில பேரு சொல்றது இதோட ஒத்துப் போகுது.

மனுசங்களை வெச்சு செஞ்ச ஒரு சோதனை நமக்கு ரொம்ப நெருக்கமானது, ஏன்னா அது சோத்தைப் பத்தினதே. சிட்னி பல்கலைக்கழகத்துல 12 ஆரோக்கியமான ஆம்பளைங்களுக்கு ராத்திரி சோறு குடுத்தாங்க, ஒரு நாள் ஜாஸ்மின் அரிசி, இன்னொரு நாள் சக்கரையை மெதுவா ஏத்துற வேற நீள அரிசி. படுக்குறதுக்கு 4 மணி நேரம் முன்னாடி ஜாஸ்மின் சோறு சாப்பிட்டவங்க சராசரியா 9 நிமிஷத்துல தூங்கிட்டாங்க, மத்த அரிசிக்கு பதினேழரை நிமிஷம் ஆச்சு. 2007ல வந்த ஆராய்ச்சி. நாம கடைல ‘பெராஸ் வாங்கி’ன்னு கேட்டு வாங்குற சியாம் அரிசி இந்த ஜாஸ்மின் வகைதான். பாஸ்மதியும் புழுங்கல் அரிசியும் பொதுவா மெதுவா ஏறும். ஆனா ஒண்ணு, அந்த 12 பேரும் ராத்திரி படுக்கைல இருந்தவங்க, எப்படியும் தூங்கப் போறவங்க, சோறு அவங்களை சீக்கிரமா தூங்க வெச்சுது. படுக்க 1 மணி நேரம்தான் இருக்கும்போது அதே ஜாஸ்மின் சோத்தைக் குடுத்தப்போ இந்த அளவு வேகம் வரல. சோறு வாய்க்குள்ள போன உடனே ஆளு சாஞ்சா அது சோத்தோட வேலையா மட்டும் இருக்காதுன்னு நெனைக்க இது ஒரு காரணம்.

கொழுப்பு மெதுவான ஆளு. தேங்காப் பால், நெய், ஆட்டுக் கொழுப்பு இதெல்லாம் வயித்துல ரொம்ப நேரம் நிக்கும், சிறுகுடலுக்குப் போனதும் அங்க ‘போதும், நிறைஞ்சாச்சு’ன்னு மூளைக்குச் சேதி அனுப்புற ஹார்மோன் வரும், அதுக்கு ஒரு சோம்பலும் சேர்ந்தே வரும். அதனாலதான் சில பேரு சாப்பிட்ட உடனே நல்லா பேசிக்கிட்டு இருந்துட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு சாயுறாங்க.

சுருக்கமா சொன்னா, சக்கரை ஏறினா முழிப்பு ஆளு தளருது, கொழுப்பு பின்னாடி வந்து சோம்பலைக் கூட்டுது, எவ்வளவு அதிகமா சாப்பிடுறோமோ அவ்வளவு கூடுது.

தயிர் மேல போடுற பழி

‘மோர் ஊத்திக்கிட்டே, அதான் தூக்கம்’னு அத்தை ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவாங்க. கொஞ்சம் படிச்சவங்க டிரிப்டோஃபேன்னு சொல்லுவாங்க, அது ஒரு அமினோ அமிலம், மூளைக்குள்ள போனா அதுல இருந்து தூக்கத்தோட சம்பந்தப்பட்ட ரசாயனங்கள் உருவாகுது, பால்ல தயிர்ல இருக்கு. இருக்கு, மறுக்கல. ஆனா அதே எடை கோழிக்கறில தயிரை விடப் பல மடங்கு இருக்கு. டிரிப்டோஃபேன்தான் காரணம்னா ரெண்டு கரண்டி மோருக்கு முன்னாடி நாலு துண்டு கோழிப் பிரட்டல்லயே எல்லாரும் கவுந்திருக்கணும்.

இன்னொரு சிக்கல், மூளைக்குள்ள போற வாசல்ல மத்த அமினோ அமிலங்களும் அதே வழியா உள்ள போகப் போட்டி போடுது, புரதச் சாப்பாடு சாப்பிட்டா போட்டியும் கூடிடுது, டிரிப்டோஃபேனுக்கு இடம் கிடைக்கிறதில்ல. வெறும் மாவுச்சத்து சாப்பிட்டா இன்சுலின், அதாவது சக்கரையைத் தசைக்குள்ள அனுப்புற ஹார்மோன், போட்டிக்காரங்களையும் சேர்த்து அனுப்பிடும், அப்போ வழி கொஞ்சம் திறக்கும். ஆனா விருந்துல யாரு வெறும் மாவுச்சத்து சாப்பிடுறா? ஆடு, கோழி, மீன், முட்டை எல்லாம்தானே இருக்கு. அதனால தயிரை விட்டுடுங்க பாவம், அது கடைசியா வருதுங்குற ஒரே காரணத்துக்காக மாட்டிக்கிச்சு.

ஒரு படத்தை எடுத்துப் பிரிச்சுப் பாப்போம்

செந்தூல்ல ஒரு வீடுன்னு வெச்சுக்குவோம், தீபாவளி, படம் எடுத்த நேரம் 2.50. முதல் நாள் ராத்திரி அச்சு முறுக்கு சுட்டு முடிச்சு, வாசல்ல கோலம் போட்டு, எல்லாரும் படுக்குறப்போ மணி 12.30. பாட்டி 4.30க்கு எல்லாரையும் எழுப்பி எண்ணெய் தேய்ச்சு விட்டாங்க. நாலு மணி நேரத் தூக்கம்தான். எட்டு மணிக்கு இட்லி, ஆட்டுக் கறி. பத்து மணிக்குக் கோயில். பதினொண்ணுல இருந்து வர்றவங்க போறவங்க, தட்டு தட்டா முறுக்கு, நெய் உருண்டை, கலர் தண்ணி. ஒண்ணரைக்கு பிரியாணி, கோழிப் பிரட்டல், ஆட்டு வறுவல், ரசம், பாயாசம்.

2.50க்கு கணக்கு எப்படி நிக்குது? எல்லாரும் பத்து மணி நேரத்துக்கு மேல முழிச்சிருக்காங்க, அதுவும் நேத்து பாதித் தூக்கத்தோட, அடினோசின் பலமா நிக்குது. உடல் கடிகாரம் மத்தியான இறக்கத்துல இருக்கு. சாப்பிட்டு எண்பது நிமிஷம் ஆகுது, ரத்தத்துல சக்கரை நல்லா ஏறியிருக்கு, ஒரெக்சின் கயிறை லூசா விட்டாச்சு. வெளிய 33 டிகிரி, உள்ள ஃபேன் காத்து, டிவில பழைய படம், எழுந்து போகச் சொல்றதுக்கு யாரும் இல்ல. தூக்கம் வரலன்னாத்தான் ஆச்சரியம்.

சோஃபாவுல கிடக்குற பெரியப்பா ரெண்டு தட்டு அடிச்சாரு, அவரு கதை சுலபம், அதோட பக்கத்து வீட்டுல ரெண்டு கிளாஸ் பீர் வேற, அது தனியாவே தூக்கம் குடுக்கும். பாய்ல தூங்குற பதினாலு வயசுப் பையன் ரெண்டு கரண்டி சோறுதான் சாப்பிட்டான், ஆனா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஃபோன்ல இருந்தான், அவன் தூங்குறது முழுக்க அடினோசின் கணக்கு, பிரியாணிக்குப் பங்கே இல்ல. டயட்ல இருக்கேன்னு சொல்லி கறியும் கீரையும் மட்டும் சாப்பிட்ட அக்காவும் கொட்டாவி விடுறாங்க, அவங்களும் நாலரைக்கு எழுந்தவங்கதானே. கூட்டத்துல நல்லா முழிச்சிருக்குற ஒரே ஆளு யாருன்னா பினாங்குல இருந்து வந்த சித்தப்பா, அவரு பஸ்ஸுல நல்லாத் தூங்கிட்டு பதினொரு மணிக்குத்தான் வந்தாரு, அவரும் ரெண்டு தட்டு சாப்பிட்டாரு. படம் எடுத்தது அவருதான்.

ஒரே பிரியாணி, ஒரே மணி, ஒருத்தரு முழிச்சிருக்காரு மத்தவங்க தூங்குறாங்கன்னா வித்தியாசம் தட்டுல இல்ல, நேத்து ராத்திரில இருக்கு.

அப்போ கேப்ஷன் என்னதான் போடுறது

காலி தட்டை மட்டும் காட்டுற கேப்ஷன் பழியைப் பூரா சமைச்சவங்க மேல போடுது. எனக்குப் புடிச்ச மாதிரி சொல்லணும்னா ‘நாலரைக்கு எழுந்தவங்க, ரெண்டரைக்கு விழுந்தவங்க’ன்னு போடுவேன், அதுல உண்மையான குற்றவாளி இருக்காரு. சயின்ஸ் வேணும்னா ‘ஒரெக்சின் இன்னைக்கு ஹாஃப் டே’. சின்னதா வேணும்னா ‘தட்டு காலி, நாங்களும் காலி’, இதுல தப்பு ஏதும் இல்ல, காரணமே சொல்லலையே. வாயைத் திறந்து தூங்குறவங்களைப் போடும்போது மட்டும் அவங்களை எழுப்பி ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க, இல்லன்னா அடுத்த தீபாவளிக்கு உங்க படம் வரும்.

சிரிச்சுட்டுப் போகக் கூடாத தூக்கம்

விருந்து அன்னைக்கு எல்லாரும் தூங்குறது சாதாரணம். ஆனா ஒருத்தரு தினமும், சின்னச் சாப்பாட்டுக்கே, நல்லா ராத்திரி தூங்கினதுக்கு அப்புறமும் இப்படி விழுறாருன்னா கொஞ்சம் கவனிக்கணும். அதோட அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறையுறதுன்னு இருந்தா கிளினிக்ல சக்கரை டெஸ்ட் எடுத்துடுங்க. 2023ல நம்ம சுகாதார அமைச்சு எடுத்த நாட்டளவு சர்வேல வளர்ந்தவங்கள்ல 15.6 விழுக்காட்டுப் பேருக்கு நீரிழிவு இருந்துச்சு, ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருத்தர், அதுல நிறைய பேருக்கு இருக்குறதே தெரியாது. ராத்திரி பலமா குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு நின்னு வர்றவங்க பகல்ல சாஞ்சா அது சாப்பாட்டுக் கோளாறு இல்ல, அவங்களுக்கு ராத்திரி தூக்கமே உடைஞ்சு உடைஞ்சு போகுது, டாக்டர்கிட்ட அதை அப்படியே சொல்லணும்.

வயசான தாத்தா பாட்டிக்கு இன்னொண்ணு. நான் மேல ரத்தக் கதை தப்புன்னு சொன்னேன்ல, அவங்க விஷயத்துல அதுல ஒரு துண்டு உண்மை இருக்கு. வயசானா இதயமும் குழாய்களும் சாப்பாட்டுக்கு ஏத்த மாதிரி வேகமா சரி பண்ணிக்க முடியாம சில பேருக்கு சாப்பிட்ட ரெண்டு மணி நேரத்துக்குள்ள ரத்த அழுத்தம் நல்லாவே இறங்கிடும், பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க, பார்கின்சன் இருக்கவங்களுக்குக் கூடுதலா வரும். அது தூக்கமா இருக்காது, எழுந்து நிக்கும்போது தலை சுத்தும், கண்ணு இருட்டும், விழுந்துடுவாங்க. சாப்பிட்டதும் பாட்டியைக் கைகழுவ அவசரமா எழுப்பாதீங்க, கொஞ்ச நேரம் உக்கார வெச்சு மெதுவா எழுப்புங்க, அடிக்கடி தலை சுத்துனா சாப்பாட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் பிரஷர் பார்த்து எழுதி வெச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க.

சாப்பிட்டு கார் எடுக்குறவங்களுக்கு

இந்தக் கட்டுரை எழுதினதுக்கே பாதிக் காரணம் இதுதான். விருந்து சாப்பிட்டு மூணு மணிக்கு கேஎல்ல இருந்து பினாங்குக்கு பிளஸ் ஹைவேல கிளம்புறாங்க, 350 கிலோமீட்டர் மாதிரி, பின்னாடி சீட்ல எல்லாரும் தூக்கம், ஓட்டுறவரு மட்டும் ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ங்குறாரு. தூக்கத்தால வர்ற விபத்துங்க ரொம்ப அதிகமா நடக்குறது நடு ராத்திரில இருந்து விடியக்காலை வரைக்கும், அதுக்கு அடுத்தபடியா இந்த மத்தியான நேரத்துலதான். ரேடியோவைச் சத்தமா வெக்கிறது, ஜன்னலைத் திறக்குறது, முகத்துல தண்ணி அடிக்கிறது, புளிப்பு மிட்டாய் இதெல்லாம் கொஞ்ச நிமிஷத்துக்குத்தான், கயிறு இழுக்குறவங்கள்ல யாரையும் இது மாத்தல. ஒரு எக்சிட் போர்டைத் தாண்டுனது ஞாபகம் இல்லன்னா, லைன் விட்டு லைன் போய் டயர் கரகரன்னு சத்தம் போட்டா, நீங்க ஏற்கனவே சில செகண்டு தூங்கிட்டீங்க.

முடிஞ்சா ஓட்டுறவரு விருந்துல ஒரு தட்டோட நிப்பாட்டணும், சோத்தைக் குறைச்சு கறி காய்கறியைக் கூட்டி, சாப்பிட்டதும் தாமான்ல பத்து பதினஞ்சு நிமிஷம் நடந்துட்டு வரணும், தசை வேலை செஞ்சா ரத்தத்துல ஏறுற சக்கரையைக் கொஞ்சம் அது எடுத்துக்கும். ஆனா முந்தின ராத்திரி தூங்காததை இது எதுவும் ஈடு கட்டாது, அதுக்கு ஒரே மருந்து தூக்கம். ரோட்ல கண்ணு இழுத்தா தாப்பாவோ, அதுக்கு முன்னாடி வர்ற எந்த ஆர் அண்ட் ஆரோ, நிழல்ல காரை நிறுத்துங்க. முதல்ல ஒரு கோப்பி ஓ குடிச்சிடுங்க, அதுக்கு அப்புறம் 20 நிமிஷத்துக்கு அலாரம் வெச்சு சீட்டைச் சாச்சுப் படுங்க. கஃபீன் வேலை செய்ய இருபது முப்பது நிமிஷம் ஆகும், அதுக்குள்ள தூக்கம் கொஞ்சம் அடினோசினைக் குறைச்சிருக்கும், எழுந்திரிக்கிற நேரத்துக்கு கோப்பியும் புடிச்சிடும். அரை மணிக்கு மேல தூங்கினா ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய் எழும்போது இன்னும் மந்தமா இருக்கும், அதனால அலாரத்தை ஸ்னூஸ் போடாதீங்க. எழுந்ததும் உடனே கியர் போட வேணாம், டாய்லெட்டுக்கு நடந்து போயிட்டு வந்து அஞ்சு பத்து நிமிஷம் ஆன பிறகு ஓட்டுங்க. அப்பவும் கண்ணு கனமா இருந்தா சாவியை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க, பினாங்குக்கு ஒரு மணி நேரம் லேட்டா போனா அங்க யாரும் கதவை மூடிட மாட்டாங்க.